பீட் அழகாக இருந்தவருக்கு 76, பெண்ட் டெஸ்டில் தேறியவருக்கு 68: வெல்டிங் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் எப்படிப் போடுவது?

ஆர்க்_வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் ஆர்க் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசியாக நடந்த செய்முறைத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கிறது. கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

தேர்வு இதுதான். 10 மி.மீ. கனமுள்ள மைல்டு ஸ்டீல் தகடு இரண்டு, நீளம் 150 மி.மீ. ஒற்றை வி பட் ஜாயிண்ட், மொத்தக் கோணம் 60 டிகிரி, இடைவெளி 2.5, வி-யின் அடியில் சரிக்காமல் விட்ட ரூட் முகம் 1.5. பின்னால் பேக்கிங் பட்டை கிடையாது. தகட்டைக் கிடையாக வைத்து வெல்டு செய்ய வேண்டும். ரூட்டுக்கு 2.5 மி.மீ. ராடு, மேலே நிரப்ப 3.15 ராடு, இரண்டும் 6013.

எங்களிடம் இருக்கும் படிவத்தில் பீட் தரத்துக்கு 40, இணைப்பின் உறுதிக்கு 30, பாதுகாப்புப் பழக்கத்துக்கு 20, இடத்தைச் சுத்தமாக வைப்பதற்கு 10.

4-ஆம் எண் மாணவர் வாங்கியது 37, 12, 18, 9. மொத்தம் 76.
9-ஆம் எண் மாணவர் வாங்கியது 24, 28, 12, 4. மொத்தம் 68.

4-ஆம் எண்ணின் மேல் ரன் படம் எடுத்து மாட்டி வைக்கலாம் போல இருக்கிறது. ஆனால் வெல்டின் அடிப்பக்கமான ரூட் வெளியே வரும்படி துண்டை வளைத்துப் பார்க்கும் ரூட் பெண்டில் துண்டு வாய் பிளந்துவிட்டது. 9-ஆம் எண்ணின் பீட் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, ஆனால் துண்டை முழுதாக வளைத்தும் ஒன்றும் ஆகவில்லை. படிவத்தின்படி 4 முதலிடம். கூட இருந்த தேர்வாளர் "கூட்டல் சரியாக இருக்கிறது, விடுங்கள்" என்கிறார். நீங்கள் எல்லாம் எப்படிப் போடுகிறீர்கள்?

---

தீப்பொறி

சார், கூட இருந்தவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மேல் ரன் ஒரே அகலத்தில், அலை ஒரே இடைவெளியில் வர வேண்டுமென்றால் ஆர்க் நீளமும் கை வேகமும் ராடு பிடிக்கும் கோணமும் கடைசி வரை மாறக் கூடாது. அது ஒரு நாளில் வருகிற கை இல்லை. அந்தக் கை உள்ளவர் ரூட்டை மட்டும் கெடுப்பாரா? துண்டு வெட்டியதிலோ வளைத்ததிலோ கோளாறு இருக்கலாம். என்னைக் கேட்டால் தகட்டை எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் தெரிந்துவிடும், சண்டை முடிந்தது.

---

ரூட்_ரன்

வாத்தியார் சார், தீர்ப்புக்கு முன்னால் நாலு கேள்வி.

துண்டு எங்கே பிளந்தது, நடுவிலா, ஓரத்திலிருந்தா? பிளந்த இடத்தின் முகம் எப்படி இருக்கிறது, சாம்பல் நிறத்தில் பிய்ந்த மாதிரியா, வழவழப்பாகவா? துண்டைக் கிரைண்ட் செய்த கோடுகள் துண்டின் நீளவாக்கில் இருக்கின்றனவா, குறுக்கேயா? எந்த விட்டமுள்ள உருளையில் வளைத்தீர்கள்?

இன்னொன்று, இதுதான் முக்கியம். தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தீர்களா?

---

ஆர்க்_வாத்தியார்

ரூட்_ரன் சார், மறுபடியும் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிளந்தது நடுவில். வாய் திறந்திருக்கும் நீளம் 5 மி.மீ. கிரைண்டிங் கோடு நீளவாக்கில்தான் இருக்கிறது, ஓர விளிம்பையும் லேசாக உருட்டிவிட்டுத்தான் வளைத்தோம். உருளை 40 மி.மீ. விட்டம். பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் வழவழப்பாக, கொஞ்சம் கறுத்து, நேர்கோடு போட்ட மாதிரி இருக்கிறது. அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் பிய்ந்த உலோகம்.

பின்பக்கம்: இடது பாதியில் ரூட் நன்றாக இறங்கி ஒரு மெல்லிய பீட் தெரிகிறது. வலது கோடியில் ஏறக்குறைய 40 மி.மீ. நீளத்துக்கு பீட் இல்லை, தகட்டின் பழைய விளிம்பு கோடாகத் தெரிகிறது. படிவத்தில் "பீட்" என்பதற்குக் கீழே அகலம், அலை, மேடு, ஸ்பேட்டர் என்றுதான் அச்சாகியிருக்கிறது. பின்பக்கத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது.

---

ரூட்_ரன்

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது.

40 மி.மீ. உருளை என்றால் தகட்டுக் கனத்தின் நாலு மடங்கு, சரியான அளவு. அந்த உருளையில் வளைத்தால் வெளிப்பக்க உலோகம் சுமார் 20 சதவீதம் நீள வேண்டியிருக்கும். நல்ல வெல்டு அதைத் தாங்கும். சிறிய உருளையில் வளைத்திருந்தால் நல்ல துண்டையும் உடைத்திருப்பீர்கள், அது நடக்கவில்லை. கோடு குறுக்கே இருந்திருந்தால் கிரைண்டிங் கீறலிலிருந்தே வெடிப்பு கிளம்பும், அதுவும் இல்லை. ஓரத்திலிருந்து கிளம்பவில்லை. ஆகவே துண்டு தயாரித்ததில் பழி போட முடியாது, தீப்பொறி.

அந்த வழவழப்பான நேர்கோடுதான் சாட்சி. அது வெல்டு உலோகம் இல்லை, தகட்டில் நீங்கள் கொடுத்த 1.5 மி.மீ. ரூட் முகம். ஆர்க் அதை உருக்கவே இல்லை. மேலே போட்ட உலோகம் அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வளைத்ததும் அந்த உருகாத விளிம்பு கதவு மாதிரி திறந்துகொண்டது. திறந்த நீளம் 3 மி.மீ.க்குள் இருந்தால் விடலாம் என்பதுதான் பெரும்பாலான விதிமுறைகளில் இருக்கும் வரம்பு. உங்களிடம் 5.

ஏன் வலது கோடியில் மட்டும்? என் ஊகம் இது. இடமிருந்து வலமாக ரூட் போட்டிருக்கிறார். பின்னால் ஆறிவரும் உலோகம் சுருங்கி, முன்னால் இருக்கும் இரண்டு தகட்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். தகடுகளை முன்கூட்டியே பிடித்து வைக்க வலது கோடியில் போட்ட டேக் சின்னதாக இருந்தால் அது வெடித்துவிடும், அல்லது இழுப்புக்கு இடம் கொடுத்துவிடும். ஆரம்பத்தில் 2.5 இருந்த இடைவெளி அங்கே போய்ச் சேரும்போது 1 மி.மீ. ஆகியிருக்கும். 2.5 ராடு வைத்து 75 ஆம்பியரில் 1 மி.மீ. இடைவெளியில் ரூட் முகத்தின் அடி வரை உருக்குவது நடக்காது. ராடு நுனிக்கு முன்னால் தெரிய வேண்டிய அந்தச் சின்னத் துளை மூடிக்கொண்டிருக்கும். அது மூடியதும் நிறுத்திக் கிரைண்ட் செய்திருக்க வேண்டும். இவர் நிறுத்தவில்லை, மேலே அழகாக நிரப்பிவிட்டார். மீதித் தகட்டில் வலது டேக்கைக் கவனித்துப் பாருங்கள்.

தீப்பொறி சொன்னது மேல் ரன்னைப் பொறுத்தவரை சரி. சீரான அலை என்றால் கை நடுங்கவில்லை என்று அர்த்தம். ஆனால் மேல் ரன் போடும்போது ரூட் 8 மி.மீ. ஆழத்தில் புதைந்து போயிருக்கிறது. மேல் ரன்னுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

எக்ஸ்ரே விஷயம்: இந்த மாதிரி ரூட் இறங்காததை எக்ஸ்ரே காட்டும், கறுப்புக் கோடாக விழும். ஆனால் வி-யின் சாய்ந்த பெவல் சுவரில் ஒட்டாமல் நிற்கும் குறையைப் பல சமயம் காட்டாது. அது மெல்லிய தாள் மாதிரி சாய்ந்து இருக்கும், கதிர் அதே சாய்வில் போனால்தான் பதியும். பெண்ட் டெஸ்ட் அதையும் பிளந்து காட்டிவிடும். அதுவும் போக, இங்கே எக்ஸ்ரே எதற்கு? தகட்டைத் திருப்பினால் வெறும் கண்ணுக்கே தெரிகிற குறைக்கு.

என் கணக்கில் 4-ஆம் எண் 76-உம் இல்லை, 60-உம் இல்லை. பெண்டுக்குத் துண்டு வெட்டுவதற்கு முன்னாலேயே அவர் தேர்வு முடிந்துவிட்டது. ரூட் 40 மி.மீ. இறங்காத இணைப்புக்கு ஏப்ரன் கட்டியதற்கான மதிப்பெண்ணைக் கூட்டி ஈடு செய்ய முடியாது. உறுதியைக் கூட்டலுக்குள் விடாதீர்கள். அதை வாசற்படியாக வையுங்கள். தாண்டியவருக்கு மட்டும் மற்றதற்கு மதிப்பெண்.

---

சதீஷ்_வெல்டர்

அண்ணா, எனக்கும் அடுத்து தேர்வு வருகிறது. போன தடவை என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். பீட் நன்றாகத்தான் இருந்தது. மேல் ரன் கொஞ்சம் உயரமாக இருந்ததால் கிரைண்டர் போட்டு மட்டமாக்கி, பளபளவென்று கொடுத்தேன். பக்கத்தில் தகட்டில் இரண்டு இடத்தில் ஆர்க் தட்டிய வடு இருந்தது, அதற்கும் குறைத்தார்கள். 7018 ராடு கொடுத்திருந்தால் தேறியிருப்பேன் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை 7018 கேட்கலாமா?

---

ரூட்_ரன்

தம்பி, இங்கே பேசுவது தேர்வாளர் எப்படி மதிப்பெண் போட வேண்டும் என்பதைப் பற்றி. ஆனாலும் உன் கேள்விக்கும் இங்கே இடம் இருக்கிறது.

மேல் ரன்னைக் கிரைண்ட் செய்து கொடுத்தால் தேர்வாளர் எதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்? அலை போய்விட்டது, பீட் ஓரத்தில் தகட்டை அரித்த பள்ளமான அண்டர்கட் போய்விட்டது, உயரம் போய்விட்டது. கேள்விக்கு எழுதிய பதிலை அழித்துவிட்டுத் தாளைக் கொடுத்த கதை. ரூட்டையும் நடு ரன்களையும் கிரைண்ட் செய்யலாமா என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும், முன்னாலேயே கேட்டுக்கொள். மேல் ரன்னை ஸ்லாக் தட்டி, பிரஷ் போட்டு, அப்படியே கொடு.

ஆர்க் தட்டிய வடு: வி-க்கு வெளியே தட்டினால் ஒரு புள்ளி சடாரென்று உருகி சடாரென்று ஆறும். மைல்டு ஸ்டீலில் பெரிய சேதம் வராமல் போகலாம், கார்பன் கூடின எஃகில் அந்தப் புள்ளி கடினமாகி வெடிப்புக்குத் தொடக்கமாகும். அதனால்தான் பழக்கத்துக்குக் குறைக்கிறார்கள். வி-க்குள்ளேயே, ரன் போகப்போகிற வழியில் தட்டு. ரன் மேலே ஓடும்போது அது உருகிப் போய்விடும்.

7018 உன்னைக் காப்பாற்றாது. ஈரம் ஏறிய 7018-ஐ நீள ஆர்க்கில் தொடங்கினால் ஒவ்வொரு தொடக்கத்திலும் பின்ஹோல் வாங்குவாய். 6013-இல் உயரம் கூடியதென்றால் உன் வேகம் குறைவு, அல்லது கரண்டு குறைவு. ராடை மாற்றினால் அது மாறாது.

---

மலர்_பாதுகாப்பு

வாத்தியார் சார், எல்லோரும் ரூட்டிலேயே நிற்கிறார்கள். நான் அந்த 18-ஐயும் 12-ஐயும் பற்றிக் கேட்கிறேன். 4-க்கு 18, 9-க்கு 12. எதைப் பார்த்துப் போட்டீர்கள்? எப்போது எழுதினீர்கள்?

---

ஆர்க்_வாத்தியார்

மேடம், எல்லோரும் முடித்த பிறகு இரண்டு தேர்வாளர்களும் உட்கார்ந்து போட்டோம். 4-ஆம் எண் கையுறை, தோல் ஏப்ரன், ஷூ, கழுத்து வரை பட்டன் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். 9-ஆம் எண் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார், நான் சொன்ன பிறகு இறக்கினார். அதற்குத்தான் 12.

---

மலர்_பாதுகாப்பு

அதாவது உடுப்புக்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். உடுப்பும் வேண்டும்தான், மடித்த கைக்குக் குறைத்ததும் சரி. ஆனால் பழக்கம் என்பது வேலை நடக்கும்போது தெரிவது. முடிந்த பிறகு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து போட்டால், பார்க்க ஒழுங்காக இருந்தவருக்குக் கூடுதலாகவே விழும். பீட் அழகாக இருந்தவருக்குப் பாதுகாப்பிலும் கை தாராளமாகப் போயிருக்கும் என்றுகூடச் சந்தேகப்படுகிறேன்.

நான் சில குறிப்பிட்ட நேரங்களை மட்டும் பார்ப்பேன். அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஸ்லாக் தட்டுகிற நேரம்.

ரன் முடிந்ததும் ஹெல்மெட்டை மேலே தள்ளுவார்கள். கறுப்புக் கண்ணாடி வழியாக ஸ்லாக் தெரியாது, ஆகவே தள்ளித்தான் ஆக வேண்டும். அப்போது உள்ளே வெள்ளைக் கண்ணாடி இருக்கிறதா? 6013 ஸ்லாக் ஆறும்போது தட்டாமலே தானாகச் சுருண்டு தெறிக்கும். சுத்தியை எடுப்பதற்கு முன்னாலேயே அந்தச் சில்லு முகத்துக்கு வரும். தானாகக் கருக்கும் ஹெல்மெட் வைத்திருப்பவர் கண்ணாடி மூடியபடியே தட்டலாம், அதை நான் ஏற்றுக்கொள்வேன். அப்புறம் சுத்தியை எந்தப் பக்கம் வீசுகிறார்? தன்னை விட்டு வெளியே தள்ளுகிறாரா, தன்னை நோக்கி இழுக்கிறாரா? பக்கத்து பூத்தில் ஆள் நிற்கும் திசையிலா? இதற்கு ஒரு தேர்வாளர் ஐந்து நொடி பார்த்தால் போதும், உடனே படிவத்தில் டிக் போட்டுவிடலாம்.

ராடு மாற்றும்போது கையுறை கையில் இருக்கிறதா, கிரைண்டரில் கார்டு இருக்கிறதா, டிஸ்க் நின்ற பிறகு கீழே வைக்கிறாரா, நகரும்போது ஹோல்டரில் ராடு மாட்டியபடி மேசை மேல் போட்டுவிட்டுப் போகிறாரா. இவையும் அப்படித்தான். நடந்தபோதே குறிக்க வேண்டும்.

---

தீப்பொறி

மேடம், இதில் ஒரு சிக்கல். தேர்வாளர் நிற்கிறார் என்றால் எல்லோரும் கண்ணாடி போடுவார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் கழற்றுவார்கள். நீங்கள் மதிப்பெண் போடுவது பழக்கத்துக்கு இல்லை, நடிப்புக்கு.

---

மலர்_பாதுகாப்பு

உண்மைதான், அதனால்தான் முதல் ரன்னில் பார்க்க மாட்டேன். முதல் ரன்னில் எல்லோரும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி நடப்பார்கள். மூன்றாவது, நாலாவது ரன்னுக்கு வரும்போது நேரம் குறைகிறது என்ற பதற்றம் வந்திருக்கும், வியர்வையில் கண்ணாடி மங்கியிருக்கும். பழக்கம் உள்ளவர் அப்போதும் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்வார். இல்லாதவர் நெற்றியில் ஏற்றிவிட்டுத் தட்ட ஆரம்பிப்பார். நடித்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் வெல்டு செய்வது கஷ்டம்.

இன்னொன்று. அடுத்தவருக்கு ஆபத்து வரும் செயலை மதிப்பெண் குறைத்துத் தீர்க்கக் கூடாது. கார்டு கழற்றிய கிரைண்டரை ஓட்டினால், இன்சுலேஷன் கிழிந்த கேபிளைத் தெரிந்தே பிடித்து வேலை செய்தால், அங்கேயே வேலையை நிறுத்த வேண்டும்.

---

ரூட்_ரன்

நிறுத்துவது சரி. நிறுத்தினால் தோல்வியா? அதில் எனக்கு வேறு கருத்து. நிறுத்தி, சொல்லி, சரி செய்த பிறகு தொடர விடலாம், பாதுகாப்பு மதிப்பெண் முழுதும் போகட்டும். கேபிள் கிழிந்தது நம் தவறாகவும் இருக்கலாமே, பூத்தைத் தயார் செய்தது யார்?

---

மலர்_பாதுகாப்பு

கேபிளுக்கு ஒத்துக்கொள்கிறேன். கார்டு இல்லாத கிரைண்டருக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். கார்டு தானாகக் கழன்று விழுவதில்லை.

---

பூத்_நம்பர்_3

இடச் சுத்தத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம். 10 மதிப்பெண்தான், ஆனால் அநியாயம் அதிகமாக நடப்பது அதில்தான். எனக்கு முன்னால் தேர்வு எழுதியவர் போட்ட ராடு துண்டெல்லாம் என் கணக்கில் விழுந்தது.

---

ஆர்க்_வாத்தியார்

9-ஆம் எண்ணுக்கு 4 போட்டதற்குக் காரணம் கீழே கிடந்த ராடு துண்டுகள்தான். அவருடையதுதானா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த பூத்தில் அவர் இரண்டாவது ஆள்.

---

ரூட்_ரன்

அது எளிதாகத் தீரும். ஒவ்வொருவருக்கும் முன்னால் பெருக்கிவிட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். ராடை எண்ணிக் கொடுங்கள். முடிவில் மீதி முழு ராடும் டப்பாவில் உள்ள துண்டும் சேர்ந்து கொடுத்த எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் மிச்சம் தரையில் இருக்கிறது. ராடு துண்டு காலடியில் உருண்டால் ஆள் விழுவார், சூடாகக் கிடந்தால் கேபிளைச் சுடும். துண்டின் நீளமும் கதை சொல்லும், 50 மி.மீ.க்கு மேல் விட்டெறிந்தால் வீண் செலவு, ஹோல்டர் வாய் வரை எரித்தால் பிடிப்பான் கருகும்.

கடைசியில் துடைப்பம் எடுத்துப் பெருக்கியதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். நான் நடுவில் எர்த் கிளாம்ப் எங்கே கடித்திருக்கிறது என்று பார்ப்பேன். ஸ்பேட்டரும் துருவும் படிந்த மேசை விளிம்பில் கடித்திருந்தால் தொடர்பு சரியாக இருக்காது, கரண்டு ஏறி இறங்கும், கிளாம்பே சூடாகும். தகட்டுக்குக் கீழே பழைய ஸ்லாக் கட்டி கிடந்தால் தகடு மட்டமாக உட்காராது, டேக் போடும்போதே ஒரு தகடு தூக்கிக்கொள்ளும். இடம் குப்பையாக இருந்தால் அது வெல்டிலேயே தெரிந்துவிடும், அதனால்தான் அந்த 10.

---

ஆர்க்_வாத்தியார்

எல்லோர் சொன்னதையும் வைத்துப் புதிய முறை ஒன்று போட்டுப் பார்த்தேன். மதிப்பெண்ணை மாற்ற இல்லை, அடுத்த தேர்வுக்கு. ஆனால் இந்த இரண்டு தகட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

தகட்டில் எண் மட்டும் குத்துகிறோம், பெயர் இல்லை. பூத்தில் நின்று பாதுகாப்பு பார்த்தவர் பீட்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது, அது வேறு ஆள். முதலில் இரண்டு பக்கமும் கண்ணால் பார்ப்பது. வெடிப்பு, ரூட் இறங்காதது, ஒட்டாதது, கடைசிக் குழி நிரப்பாதது, இதில் எதுவும் இருந்தால் அங்கேயே நிறுத்தம். அப்புறம் இரண்டு ஓரத்திலும் 25 மி.மீ. விட்டுவிட்டு, மீதி 100-இல் 38 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டு, இடது பாதியில் ஒன்று, வலது பாதியில் ஒன்று. இரண்டையும் ரூட் பெண்ட் செய்கிறோம். இதுவரை ஒரு ரூட், ஒரு முகம் என்று எடுத்தோம். 4-ஆம் எண்ணுக்கு ரூட் துண்டு இடது பக்கத்திலிருந்து வெட்டியிருந்தால் அவர் அதிலும் தேறியிருப்பார், இதை நினைத்தால்தான் திக்கென்கிறது. இரண்டும் தேறினால் மட்டும் பீட்டுக்கு 50, பாதுகாப்புக்கு 35, இடத்துக்கு 15. பீட்டை மொத்தமாகப் பார்த்துப் போடாமல், தகட்டை 25 மி.மீ. பகுதிகளாகச் சாக்பீஸில் கோடு போட்டு ஒவ்வொன்றையும் தனியாக.

ரூட்_ரன் சார், வலது டேக் பார்த்தேன். நடுவில் குறுக்கே வெடித்திருக்கிறது, அதன் மேலேயே ரூட் ஓட்டியிருக்கிறார்.

இப்போது சிக்கல் 9-ஆம் எண்ணிடம். ரூட் இரண்டு பாதியிலும் இறங்கியிருக்கிறது, அண்டர்கட் 0.4 மி.மீ. ஆனால் கேஜ் வைத்தால் நடுவில் ஓர் இடத்தில் மேல் மேடு 3.3 மி.மீ. இருக்கிறது. பீட் அகலம் 16. வரம்பு 3 என்றால் இவரும் வாசற்படியிலேயே நிற்கிறார். இரண்டு பேருமே தோல்வியா?

---

ரூட்_ரன்

எந்த விதிமுறையைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விதிமுறையான ஏ.டபிள்யூ.எஸ் டி1.1 என்றால் மேடு 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அவர் வெளியே. வெல்டர் தேர்வுக்கான ஐ.எஸ்.ஓ 9606-1 என்றால் பெரும்பாலான குறைகளுக்குக் கறாரான பி நிலை, ஆனால் மேடு, அண்டர்கட் போன்ற சிலவற்றுக்கு சி நிலை போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். சி நிலையில் 1 மி.மீ.யுடன் அகலத்தில் 0.15 பங்கைக் கூட்ட வேண்டும். 16-க்கு 3.4 வருகிறது. அவர் உள்ளே.

வெல்டரின் கையைச் சோதிக்கும் தேர்வில் மேட்டைக் கொஞ்சம் தளர்த்துவதில் அர்த்தம் இருக்கிறது, கிரைண்டர் போட்டால் போய்விடும் குறை அது. ரூட்டை அப்படிச் சரி செய்ய முடியாது. ஆனால் எந்த விதிமுறை என்று தேர்வுக்கு முன்னால் எழுதி ஒட்ட வேண்டும். தகட்டைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கக் கூடாது.

---

தீப்பொறி

அப்படியென்றால் மேட்டை வாசற்படியில் வைக்கவே வேண்டாமே, சார். பீட்டின் 50-இல் குறைத்துக்கொள்ளலாம்.

---

மலர்_பாதுகாப்பு

எவ்வளவு வரை குறைப்பீர்கள்? 5 மி.மீ. மேடு வைத்தால்? ஓரத்தில் செங்குத்தாக ஏறும் மேட்டுக்குப் பக்கத்தில்தான் பளு மாறி மாறி விழும்போது வெடிப்பு தொடங்கும். எங்கேயாவது ஒரு கோடு வேண்டும்.

---

ஆர்க்_வாத்தியார்

கோடு வேண்டும் என்பதில் நானும் அப்படியே. எங்கே என்பதில் கூட இருக்கும் தேர்வாளர் 3 என்கிறார், நான் 9606 கணக்கைக் காட்டினேன், அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பின்பக்கத்துக்குத் தனிக் கட்டம் சேர்ப்பதற்கு மட்டும் இருவரும் சம்மதித்துவிட்டோம், படிவம் மறுபடி அச்சுக்குப் போகிறது.

---

சதீஷ்_வெல்டர்

அண்ணா, பின்பக்கத்தையும் பிரஷ் போட்டுக் கொடுக்க வேண்டுமா?

---

ரூட்_ரன்

ஸ்லாக்கைத் தட்டி பிரஷ் போடு தம்பி. கிரைண்டரை அங்கே கொண்டு போகாதே.